முதலில் குடுவை, பிறகு மத்து

நானெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பால் சங்கத்தில் நான் எழுதுவதெல்லாம் உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வராது. தங்கச்சி போனபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட ஒரு வார்த்தை சரியாகச் சொல்லவில்லை. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். தங்கச்சியின் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். வண்டி வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அதனால் தங்கச்சியும் அவள் மகளும் என்னோடுதான் இருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

பாப்பாவுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு இல்லை. விளையாடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்வாள். சில சமயம் தலை தொங்கி அப்படியே முன்னால் விழுவாள். நெற்றியில் தழும்பு இல்லாத இடமே இல்லை. மருந்துகள் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மருந்தில் வலிப்பு குறைந்தது, ஆனால் பிள்ளை மரக்கட்டை மாதிரி கிடந்தாள். எச்சில் ஒழுகுவதுகூடத் தெரியாமல் கிடந்தாள். கடைசியில் சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு சாப்பாட்டு வைத்தியம் சொன்னார்கள். கொழுப்பு நிறைய, மாவுச்சத்து ரொம்பக் குறைவு, புரதம் அளவோடு. ஒவ்வொரு வேளையும் கிராம் கணக்கு. புரதமும் மாவும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு மூன்று கிராம் இருக்க வேண்டும். அந்தப் பங்கு கெட்டால் வைத்தியம் வேலை செய்யாது.

தங்கச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். முட்டை, காய், தேங்காய் எல்லாவற்றையும் தராசில் நிறுப்பாள். ஆனால் பாலையும் தயிரையும் க்ரீமையும் அந்தச் சின்னத் தராசில் வைத்து ஊற்றினால் மேலே வழிகிறது, தராசு கெட்டுப்போகும் என்று பயம். சங்கத்தில் ஓரமாய்க் கிடந்த ஒரு பழைய கண்ணாடிக் குடுவையை நான் கொண்டுவந்து கொடுத்தேன். நீளமாக, பக்கத்தில் மில்லி கோடு போட்டது. அதில் அளந்து கிராமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் உணவுக் கணக்குப் பார்க்கும் மேடம் அனுமதித்தார்.

மாற்றாமல் விட முடியாது. புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று மேடம் வைத்திருக்கும் அட்டவணை முழுவதும் நூறு கிராமுக்குத்தான். நூறு மில்லிக்கு அல்ல. நூறு மில்லி பால் நூற்றுமூன்று கிராம் இருக்கும். அதனால் மில்லியை முதலில் அந்தந்தப் பொருளின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். பாலுக்கு 1.03, தயிருக்கு 1.04, க்ரீமுக்கு 0.99 என்று மேடம் சொல்லியிருந்தார். தங்கச்சி இந்த மூன்று எண்ணையும் பாப்பாவுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள்.

காலையில் அவள் வேலை செய்யும் சத்தம் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. குடுவையில் க்ரீமை ஊற்றிவிட்டு அதை மேடைக்கல்லில் இரண்டு தட்டு தட்டுவாள். ஓரத்தில் ஒட்டியது இறங்கி மட்டம் சரியாகட்டும் என்று. டக், டக். அப்புறம் கிண்ணத்தில் கொட்டி மத்தால் அடிப்பாள். பாப்பாவுக்கு வழவழவென்று இருந்தால் தொண்டையில் இறங்காது, பஞ்சு மாதிரி பொங்கி இருக்க வேண்டும்.

வலிப்பு குறைந்தது. பட்டையில் தெரிந்தது. சிறுநீரில் தொட்டு எடுக்கும் பட்டை ஒன்று உண்டு. சாப்பாடு சரியாக வேலை செய்தால் அது கரும் ஊதாவாக மாறும். தங்கச்சி இருந்தவரை எங்கள் வீட்டில் பட்டை நாவல்பழ நிறத்தில்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை என்னிடம், "மச்சான், வண்டிக்குப் போகாட்டி ஆவாது. பாப்பாளைப் பாத்துக்குவியா" என்றார். தலையை ஆட்டினேன். எனக்குப் பால் தெரியும், கணக்கு தெரியும். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

சங்கத்தில் இருபது வருஷமாக என் வேலை இதுதான். பால் லிட்டரில் வரும், மேலே ஒன்றியத்துக்குக் கிலோவில் போகும். லிட்டரை 1.03 ஆல் பெருக்கினால் கிலோ. தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு பழக்கம் எங்களுக்கு விடாது. ஒன்று, மாதிரி எடுக்குமுன் பாலை நன்றாகக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு மேலேயே நிற்கும். இன்னொன்று, நுரை அடங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். அதற்குத்தான் தினமும் தகராறு. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர், இரண்டு எருமை வைத்திருக்கிறார், கேனை மேலிருந்து கொட்டி நுரை எழுப்புவார்.

"நுரை அடங்கட்டும், இருங்க."

"ஏஞ்சாமி, நுரையும் எம்பட எருமை குடுத்ததுதானுங்க. அதென்ன ஆத்துலயா வந்துச்சு?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் தலை நிமிராமல் காத்திருப்பேன். இவர்தான் விடியக்காலை சங்கத்தில் முதல் ஆளாகத் தன் பாலை ஊற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, நான் திரும்பும்வரை பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நான் சமைக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே பட்டையின் நிறம் இறங்கத் தொடங்கியது. முதலில் ஊதா, அப்புறம் ரோஸ், அப்புறம் நிறமே சொல்ல முடியாத ஒரு வெளுப்பு. பாப்பா மறுபடியும் நின்றுபோக ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் எங்காவது வெறிப்பாள். இப்போது சமையலறை வாசலையே பார்த்து நின்றாள். ஒரு தடவை சிரித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டார். சங்கத்து வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சொன்னாக் கோவிச்சுக்காத. உன் தங்கச்சி ஊட்டுக்குள்ளதான் இருக்கறா. புள்ளையக் கூப்புடறா. மோகனூர்ல ஆத்துல முழுக்காட்டிட்டு ஒரு கயிறு கட்டிட்டு வந்துருவோம்."

"அது வலிப்புங்க."

"வலிப்புன்னா சிரிக்குமா சாமி?"

உண்மையைச் சொன்னால், எனக்கே வீட்டில் பயமாக இருந்தது. ஒரு நாள் சங்கத்திலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே டக், டக் என்று கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தார். பாப்பாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். குடுவை நான் கவிழ்த்து வைத்த இடத்திலேயே இருந்தது. பல்லியாக இருக்கலாம். கூரைக்கடியில் அட்டத்தில் எலி இருக்கிறது. அன்றைக்குச் சமையலறைக்குள் போகும்போது யாரோ இருக்கிற அறைக்குள் போவது போலக் கனைத்துக்கொண்டு போனேன்.

சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பட்டையைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் சாப்பாட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அந்தப் பழைய மருந்துக்கே போக வேண்டியிருக்கும் என்றார். மரக்கட்டை மாதிரி போட்ட மருந்து. பாப்பா அப்போது என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மேடம் அறைக்கு அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், ஆனால் அவசரப்படாதவர். காலைச் சாப்பாட்டை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"க்ரீம் எவ்வளவுங்கண்ணா?"

"அறுவது மில்லிங்க மேடம்."

"கிராம்ல?"

"அறுபத்தொண்ணு புள்ளி எட்டு."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எதால பெருக்குனீங்க?"

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் மூணு."

"அது பாலுக்குண்ணா. க்ரீமுக்கு பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பதுன்னுதானே சொல்லியிருந்தேன்?"

பாப்பா பித்தானை விடாமல், "பால் ஒன்னு புள்ளி பூச்சி மூணு, தயிர் ஒன்னு புள்ளி பூச்சி நாலு, க்ரீமுக்கு ரெண்டு ஒம்போது" என்றாள். பூஜ்யம் அவள் வாயில் எப்போதும் பூச்சியாகத்தான் வரும். மேடம் சிரித்துவிட்டார்.

எனக்குச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. "கெட்டியா இருக்குங்களே மேடம். பாலைவிட லேசா எப்படி இருக்கும்னு நெனச்சு..."

"பால் காய்ச்சி ஆறவச்சா ஏடு எங்க நிக்கும்?"

"மேலங்க."

"கனமா இருந்தா அடியில போயிருக்கணுமில்ல? கொழுப்பு தண்ணியைவிட லேசுண்ணா. கொழுப்பு ஏற ஏற எடை குறையும்."

ஏடு மேலே நிற்பதைப் பார்த்துத்தான் நான் சோறு தின்கிறேன். தலை குனிந்துகொண்டேன். ஆனால் மேடம் திட்டவில்லை. கணக்குப் போட்டார். அறுபது மில்லிக்கு 59.4 கிராம்தான் வர வேண்டும். எங்கள் க்ரீமில் நூற்றுக்கு நாற்பது கொழுப்பு. வித்தியாசம் இரண்டரை கிராம் க்ரீம், அதில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. தயிருக்கும் நான் 1.03தான் போட்டிருந்தேன், அதில் வித்தியாசம் அதைவிடக் குறைவு.

"இதைத் திருத்திக்கங்க. ஆனா இதுக்காக நிறம் இவ்வளவு இறங்காதுண்ணா. வேற எங்கயோ கொழுப்பு குறையுது. க்ரீம் மாத்தினீங்களா?"

"இல்லைங்க. அதே பண்ணைதான். தங்கச்சி வாங்குனதுதான்."

"வீட்ல போய் ஒவ்வொண்ணா பாருங்க. குறைஞ்சிருக்கு, அது நிச்சயம்."

பஸ்ஸில் பாப்பா மடியில் தூங்கினாள். குறைஞ்சிருக்கு என்ற வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு ஆள் குறைந்திருந்தாள். அதே பண்ணை, அதே குடுவை, அதே கோடு. நான் போடும் கொழுப்பை யார் எடுத்துப்போகிறார்கள்? பக்கத்து வீட்டு அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் பேச்சை நம்புகிறவன் இல்லை நான். ஆனால் ஓமலூர்ப் பக்கம் ஒரு கோயிலில் கயிறு கட்டுகிறார்களாம் என்று எப்போதோ கேட்டது எதற்கு அப்போது ஞாபகம் வர வேண்டும்?

0.99 போட்டு ஒரு வாரம் செய்தேன். அறுபது மில்லியை அறுபத்திரண்டாகக் கூட்டிக்கொண்டேன். பட்டை அசையவில்லை. பாப்பா கதவு நிலையில் முட்டி விழுந்து உதடு கிழிந்தது.

அந்த வாரம் ஒரு காலை. நான் சமையலறையில் க்ரீமை அடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். வழக்கமான பார்வை இல்லை, நன்றாக விழித்திருந்தாள்.

"அம்மா இப்ப வாரதே இல்ல மாமா."

மத்தை நிறுத்தினேன். "அம்மா வந்துட்டிருந்தாளா சாமி?"

"மொதல்ல வந்தா. படுத்துட்டே கேப்பேன். இப்ப வேற யாரோ வாராங்க."

"யாரு?"

"தெரியல. எல்லாத்தையும் திருப்பிச் செய்யறாங்க."

"எப்படித் திருப்பி?"

"அம்மான்னா மொதல்ல டக் டக். அப்பறந்தான் சர்ரு சர்ரு. இவங்க சர்ரு சர்ருன்னுட்டு அப்பறம் டக்குங்கறாங்க."

அந்த வேறு யாரோ நான்தான். அவள் படுத்துக்கொண்டே கேட்டது என்னை. அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்த பிறகு கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்.

சங்கத்துப் பழக்கம். கலக்கிவிட்டு அளக்க வேண்டும். ஃபிரிஜ்ஜில் க்ரீம் மேலே கட்டியாகவும் அடியில் நீர்த்தும் இருக்கும். கலக்காமல் அளந்தால் கொழுப்பு ஏறுமாறாக வரும் என்று, முதல் நாளிலிருந்தே நான் மத்தால் அடித்துவிட்டுத்தான் குடுவையில் ஊற்றித் தட்டினேன். எப்படியும் அடிக்கத்தானே வேண்டும், ஒரே வேலையாக முடியட்டும் என்று. தங்கச்சி பாத்திரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றிவிட்டு, அளந்து, அப்புறம் அடித்தாள். மத்து அடித்தால் காற்று ஏறும். பாலில் ஏறினால் நுரை மேலே தனியாகத் தெரியும், அடங்கும். குளிர்ந்த க்ரீமில் ஏறினால் அடங்காது, தெரியவும் தெரியாது. கெட்டியாகிவிட்டது என்றுதான் தோன்றும். தினமும் காலையில் ஒரு ஊருக்கே நுரையை அளக்காதே என்று சொல்கிறவன், வீட்டுக்கு வந்து நுரையை அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினேன். குடுவையில் அடித்த க்ரீமை அறுபது மில்லி கோட்டுக்கு ஊற்றி, அதைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டேன். நாற்பத்திரண்டு கிராம். ஐம்பத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில். கொழுப்பு இருபத்துநாலு கிராமுக்குப் பதில் பதினேழு. முட்டையின் புரதம் மட்டும் அப்படியே இருந்தது. பங்கு அங்கேதான் உடைந்திருக்கிறது. தயிரையும் கடைந்துவிட்டு அளந்திருந்தேன், அதிலும் கொஞ்சம் குறைந்தது.

நிறுத்துப் பார்க்கும்போது பாப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன மாமா?"

"நுரை, கண்ணு."

"எம்மாடா," என்றாள், அவள் அம்மா சொல்வது போலவே.

மேடத்துக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடிச்ச க்ரீமுக்கு நான் சொன்ன எண் பொருந்தாதுண்ணா. எவ்வளவு காத்து ஏறுதோ அவ்வளவு மாறும். ஒரு நாள் இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்காது. நான்தான் அடிக்கறதுக்கு முன்னாடி அளங்கன்னு சொல்லியிருக்கணும். உங்க தங்கச்சிக்குச் சொல்லவே வேண்டியிருக்கல." அப்புறம் சொன்னார்: "இனி குடுவையே வேணாம். அகலமான கிண்ணத்தைத் தராசுல வச்சு, நேரா கிராம்லயே ஊத்திடுங்க. வழியாது."

அப்படியே செய்தேன். சில நாட்களில் பட்டை ரோஸானது, அப்புறம் ஊதா. சமையலறை வாசலைப் பார்த்து நிற்பது குறைந்தது. அடுத்த முறை சேலம் போனபோது டாக்டர் பழைய மருந்தைப் பற்றிப் பேசவில்லை. மேடம் பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "ரெண்டு ஒம்போது" என்று கூப்பிட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தேன்.

ஆனால் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. தராசில் ஊற்றும்போது சத்தமே வராது. எண் மட்டும் மாறும். குடுவை கவிழ்ந்தே கிடந்தது. முன்பு பயந்துகொண்டே உள்ளே போன சமையலறைக்குள் இப்போது பயமில்லாமல் போனேன். அது நன்றாக இல்லை.

சேலத்திலிருந்து வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பாப்பா சாப்பிடாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாருமே வாரதில்ல மாமா. அந்த வேற ஆளும் வாரதில்ல."

வலிப்பு குறைந்ததால்தான் தங்கச்சி வருவதில்லையா, அப்படியானால் வலிப்பில்தான் வந்தாளா, நான் வாசலில் கேட்டது என்ன? இதையெல்லாம் ஏழு வயசுப் பிள்ளையிடம் கேட்க முடியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை சங்கத்திலிருந்து வந்து, க்ரீமைத் தராசில் கிராமுக்கு நிறுத்து எடுத்து வைத்தேன். பிறகு குடுவையை நிமிர்த்தினேன். காலிக் குடுவை. மேடைக்கல்லில் இரண்டு தட்டு தட்டினேன். டக், டக். அப்புறம் மத்தை எடுத்தேன்.

படுக்கையில் அசைவு இல்லை. அடித்து முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவள் கண் திறந்து படுத்திருந்தாள்.

"அது நீதான மாமா?"

"ஆமா சாமி."

கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. வரிசை சரியா இருந்துச்சு. நாளைக்கும் தட்டு."

மறுநாளும் தட்டினேன். பட்டை ஊதாவாக இருந்தது. ஒரு தடவை நின்றுபோனாள், விழவில்லை. சங்கத்துக்குப் பால் வண்டி தாமதமாக வந்தது.